42 சீட்டுகள்

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்திருந்தார்கள், தண்ணீர் கல்லணை தாண்டி வந்துகொண்டிருப்பதாகப் பேச்சு, ஆனால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் இருக்கும் எங்கள் ஊர் வாய்க்காலில் அப்போதும் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை இரவு, அண்ணன் வீட்டுத் திண்ணைச் சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கி வந்த ப்ரொஜெக்டரில் பிள்ளைகளுக்குப் படம் போட்டேன். அண்ணன் மகள், மகன், பக்கத்து வீட்டு அக்கா தங்கை இரண்டு பேர், கீழத்தெருவிலிருந்து அண்ணன் மகனோடு படிக்கும் ஒரு பையன். மொத்தம் ஐந்து பேர், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது வரை.

படம் 2012-இல் வந்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’. இரண்டு மணி இருபது நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதல். டிஸ்டோபியா வகைப் படம், அதாவது இன்றைக்கு நம்மிடம் இருக்கும் ஒரு கோணலை எடுத்து, அது தட்டிக்கேட்க ஆளில்லாமல் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று காட்டும் படம். பதின்வயதினருக்கென்று இப்படிப் படங்கள் நிறைய வந்துவிட்டன. பலவற்றில் ஓட்டமும் சண்டையும் மட்டும்தான் மிஞ்சும். இந்த ஒன்றை நான் திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் இதன் முதல் அரைமணி நேரம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேனெம் என்று ஒரு நாடு. கேபிடல் என்கிற பகட்டான தலைநகரம், அதற்கு நிலக்கரி, தானியம், மீன், துணி என்று ஆளுக்கொன்றாக அனுப்பிவைக்கும் 12 மாவட்டங்கள். முன்பொரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்து தோற்றதற்குத் தண்டனையாக, வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சீட்டுக் குலுக்கி எடுக்கப்படுகிறார்கள். 24 பேரையும் ஒரு காட்டில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வைத்து, அதை நாடு முழுக்க டிவியில் காட்டுகிறார்கள். நிலக்கரி தோண்டும் 12-ஆம் மாவட்டத்தில் பிரிம் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பெயர் வருகிறது. அவளுக்குப் பதிலாக அக்கா கேட்னிஸ் போகிறாள்.

குலுக்கலுக்கு முன்னால் ஒரு சின்ன இடம் வரும். கேட்னிஸ் தன் நண்பன் கேலிடம், இன்றைக்கு உன் பெயர் எத்தனை தடவை உள்ளே இருக்கிறது என்று கேட்பாள். 42 என்பான். படம் அதை அவ்வளவாக விளக்காமல் நகர்ந்துவிடும். நான் நினைத்ததுபோலவே அண்ணன் மகள் அங்கே பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதானே? அவனுக்கு மட்டும் ஏன் 42?”

நிறுத்திவிட்டு விளக்கினேன், ஏனென்றால் பதில் படத்தில் சரியாக இல்லை, சூசன் காலின்ஸ் எழுதிய நாவலில் இருக்கிறது. 12 வயதில் உன் பெயர் ஒரு சீட்டு. 13 வயதில் இரண்டு. அப்படியே ஏறி 18 வயதில் ஏழு. இது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால், இன்னொரு சீட்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டு, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தடவை வாங்கலாம். இந்தச் சீட்டுகளும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும், கழியாது. கேல் வீட்டில் அவன், அம்மா, மூன்று சின்னப் பிள்ளைகள், ஐந்து பேர். வருடத்துக்கு ஐந்து வீதம் ஏழு வருடத்தில் 35. அவனுடைய சொந்தச் சீட்டு 7. சேர்த்தால் 42. கேட்னிஸுக்கு வயது 16, வீட்டில் மூன்று பேர், அவளுக்கு 20. அதே ஊரில் மேயருடைய மகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான், அவளுக்கு 5.

சொன்னால் தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அதனால் அண்ணியிடம் ஒரு பித்தளைக் குடம் வாங்கி, பழைய நோட்டைக் கிழித்துச் சீட்டு எழுதச் சொன்னேன். பிரிம் 1, மேயர் மகள் 5, கேட்னிஸ் 20, கேல் 42, ஆகமொத்தம் 68. கதையில் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கண்ணாடிப் பாத்திரம், நாங்கள் கணக்குக்காக ஒன்றாகப் போட்டோம். எடுத்ததைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி, இருபது முறை எடுத்தார்கள். கேல் 13 முறை வந்தான். கேட்னிஸ் 5, மேயர் மகள் 2. பிரிம் வரவே இல்லை.

“அப்ப படம் பொய்யா?” என்றான் அண்ணன் மகன். “ஒரே சீட்டு உள்ளவ பேரு எப்படி வந்துச்சு?”

வர வாய்ப்பு குறைவு, வராது என்று இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவன் கேட்டதைப் பிடித்துக்கொண்டு நான் திருப்பிக் கேட்டேன்: பிரிம் பெயர் வந்ததால் கேபிடலுக்கு நஷ்டமா, லாபமா? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டு மூத்தவள் சொன்னாள், “லாபம்தான். பாருங்க, ஒரு சீட்டு உள்ளவளுக்கும் வருது, அப்ப குலுக்கல் நேர்மையாத்தான் நடக்குதுன்னு எல்லாரும் நம்புவாங்க.” பதினாறு வயதுப் பெண். எனக்கு அந்த இடத்தில் படத்தை மேலே ஓட்டவே மனமில்லை.

இந்தப் படம் செய்யும் எச்சரிக்கை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளைகளைக் கொல்லும் அரசு கெட்டது என்பதைச் சொல்ல ஒரு படம் வேண்டியதில்லை, அது ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், குலுக்கல் எல்லோர் முன்னாலும் நடக்கிறது, யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுத்துக் கூடுதல் சீட்டு எழுதவைக்கவில்லை. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் முறையாகத் தெரிகிறது. பசிதான் எழுத வைத்தது, ஆனால் பசி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

குடத்தைப் பார்த்ததும் அண்ணன் மகளுக்குப் பள்ளிப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. “இது குடவோலை மாதிரி இருக்கே அத்தை.” முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, சுமார் 920-ஆம் ஆண்டு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். வித்தியாசம் பெரியது. அங்கே சீட்டு விழுந்தால் பொறுப்பு, இங்கே சாவு. ஆனால் அந்தக் கல்வெட்டை முழுக்கச் சொன்னால் இன்னொரு விஷயமும் தெரியும். குடத்தில் ஓலை போட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். குலுக்கல் நேர்மையாகவே நடந்திருக்கலாம். குடத்துக்குள் யாருடைய பெயர் போகவே இல்லை என்பது வேறு கேள்வி. வேலிக் கணக்கு இன்றும் புழங்கும் ஊரில் அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கீழத்தெருப் பையன் சிரித்துக்கொண்டே, “எங்க வீட்ல யாரு பேரும் உள்ள போயிருக்காது” என்றான்.

அவன் அப்பா குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். அவன்தான் அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒரு பாடம் நடத்தினான். உங்களுக்குத் தெரிந்து, விதி ஒன்றுதான், ஆனால் சீட்டு ஒருத்தனுக்கு அதிகமாக இருக்கிற இடம் எது என்று கேட்டேன். மற்றவர்கள் பரீட்சை, டியூஷன் என்றார்கள், அதுவும் சரிதான். அவன் சொன்னது: பயிர் முழுகினால் நிவாரணம் எல்லா விவசாயிக்கும் ஒன்றுதான், ஆனால் ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் பெயர் யாருடையதோ அவருக்குத்தான் காகிதம் பேசும். விதைத்தது அப்பா, கடன் வாங்கியது அப்பா, அம்மா தோடு அடகுக்கடையில், பெயர் மட்டும் வேறு ஆளுடையது. அண்ணன் அதுவரை வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

இதை நான் கேட்டு வாங்கவில்லை. கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சில தடவை நான் இதில் சரியாக வழுக்கியிருக்கிறேன். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு “இந்தப் படம் என்ன சொல்ல வருது?” என்று கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது. “சமத்துவம் வேணும்”, “வன்முறை கூடாது” என்று வரிசையாகப் பதில் வரும், ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதுவதுபோல. அந்தப் பதிலில் படத்தில் வந்த ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு காட்சிகூட இருக்காது. அப்படி வந்தால் கேள்வி தவறு என்று அர்த்தம். இப்போது கண்ணால் கண்ட ஒரு பொருளில்தான் ஆரம்பிக்கிறேன். ஒரு எண், ஒரு ரொட்டி, ஒரு பொம்மைக் கத்தி.

பொம்மைக் கத்தி என்றது, படத்தில் இரண்டொரு நொடியே வரும் காட்சி. முன்னொரு ஆண்டு இந்த விளையாட்டில் ஜெயித்துப் பிழைத்த ஹேமிட்ச், கேபிடலில் ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்பா பையனுக்கு ஒரு பொம்மை வாள் கொடுக்கிறார், பையன் அதை வைத்துத் தங்கையைத் துரத்திக் கொல்லும் விளையாட்டு விளையாடுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அப்பா கெட்டவரா? இதைத்தான் கேட்டேன், பத்து நிமிடம் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைக்கு நடந்ததிலேயே கனமானது கைதட்டல்தான். காட்டுக்குள் கேட்னிஸ், ரூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியோடு கூட்டுச் சேர்வாள். ரூ 11-ஆம் மாவட்டம், வேளாண்மை செய்யும் மாவட்டம், நாட்டுக்கே சோறு போடும் ஊர். அவளை ஒரு பையன் ஈட்டி எறிந்து கொல்கிறான், அதே நொடியில் கேட்னிஸின் அம்பு அவன்மேல் பாய்கிறது. எங்கள் வீட்டு வாசலில் கைதட்டல். பிறகு க்ளோவ் என்ற பெண் கேட்னிஸைக் கீழே தள்ளிக் கத்தியை வைத்துக்கொண்டு கொக்கரிக்க, ரூவின் ஊர்க்காரன் திரெஷ் வந்து அவளைத் தூக்கி அடித்துக் கொல்கிறான். இன்னும் பெரிய கைதட்டல், விசில் வேறு.

படம் முடிந்ததும் நான் முதலில் கேட்டது இதைத்தான். எந்தெந்த இடத்தில் கை தட்டினீர்கள்? சந்தோஷமாகச் சொன்னார்கள். க்ளோவுக்கு என்ன வயது இருக்கும்? நம் அக்கா வயதுதான், என்றார்கள். குலுக்கலை நடத்தியது அவளா? இல்லை. அப்புறம் கடைசியாக: அந்த நேரத்தில் கேபிடலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

குற்றம் சாட்டும் குரலில் இதைக் கேட்கக் கூடாது. நானும் தட்டினேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன், உண்மையும் அதுதான். பிள்ளைகளைக் குனிய வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அவர்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். இயக்குநர் கேரி ராஸ் இந்த இடத்தை யோசித்துத்தான் எடுத்திருக்கிறார். விளையாட்டு தொடங்கியதும் நடக்கும் முதல் படுகொலையில் கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், சத்தம் அடங்கிப்போகும், யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே சரியாகத் தெரியாது, அதை ரசிக்க முடியாது. கடைசியில், எல்லோரையும் வேட்டையாடிய கேட்டோ என்ற பையன் ரத்தம் வழிய நின்று, நான் எப்போதோ செத்தவன்தான், இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, கொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை என்கிற மாதிரிப் பேசுவான். வில்லன் என்று நாம் இரண்டு மணி நேரம் வெறுத்தவனும் சீட்டுக்குள் இருந்த பிள்ளைதான். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டேன். இந்த முறை அண்ணன் மகன் தட்டிய கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

(பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. பிரிட்டனில் தணிக்கைக்காரர்கள் இளம் வயதினர் பார்க்கும் சான்றிதழுக்காக ஏழு நொடி வெட்டவைத்தார்கள். ரத்தத்தைவிட, ரூ சாகும் காட்சிதான் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவிடாது.)

சூசன் காலின்ஸுக்கு இந்தக் கதை தோன்றியது ஒரு இரவு டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சேனலில் இளைஞர்கள் போட்டி போடும் ரியாலிட்டி ஷோ, அடுத்த சேனலில் இராக் போர், தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பேனெம் என்ற பெயரே பழைய ரோமாபுரிக் கவிஞர் ஒருவர் சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது, சோறும் கூத்தும் கொடுத்துவிட்டால் சனம் வேறெதையும் கேட்காது என்ற அர்த்தத்தில். இதைச் சொன்னதும் பேச்சு தானாகவே செல்போனுக்குப் போனது. விபத்தை வீடியோ எடுத்துப் போட்டது, அடிதடி வீடியோவை மூன்று தடவை பார்த்தது என்று ஒவ்வொருவராக. நான் குறுக்கே பேசவில்லை.

அதற்குப் பிறகு வானத்திலிருந்து விழும் வெள்ளிப் பாராசூட். காட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மருந்தோ கஞ்சியோ வேண்டுமென்றால், பார்க்கிற பணக்காரர்கள் யாராவது காசு போட்டு அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால்தான் வரும். கேட்னிஸோடு அதே 12-ஆம் மாவட்டத்திலிருந்து வந்த பையன் பீட்டா அடிபட்டுக் கிடக்கிறான், அவனுக்கு அவள் ஒரு முத்தம் கொடுக்கிறாள், பாராசூட்டில் ஒரு கிண்ணம் சூப் வருகிறது, கூடவே ஹேமிட்சின் சீட்டு: இதற்குப் பெயர் முத்தமா?

பக்கத்து வீட்டுத் தங்கை இதற்குச் சிரித்தாள், அவளுடைய அக்கா சிரிக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அவளுக்கு ஒன்பது வயது. தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், மெயின் ரோட்டில் நிவாரண லாரி வந்து நிற்கும் என்று உள்ளூர்த் தெருக்களிலிருந்து எல்லோரும் ஓடிய நாட்கள். ஒரு வேனில் வந்தவர்கள் பிஸ்கட் பொட்டலம் கொடுக்கும்போது, கொஞ்சம் சோகமா நில்லு பாப்பா என்று சொல்லிப் படம் எடுத்தார்களாம். “எனக்கு அப்ப அழுகையே வரல அத்தை, பசிதான் இருந்துச்சு. ஆனா முகத்தை அப்படி வெச்சேன்.” கொடுக்க வந்தவர்கள் நல்லவர்கள்தான், எங்கிருந்தோ டீசல் போட்டு வந்தவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் கேட்னிஸ் ஏன் அந்த முத்தத்தைக் கொடுத்தாள் என்று அந்தப் பெண்ணுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படத்தில் இன்னொரு காட்சியை அவசியம் நிறுத்திப் பேச வேண்டும், அது நாவலில் இல்லாதது. நாவலை முழுக்க கேட்னிஸ் சொல்கிறாள், அதனால் அவள் பார்க்காதது அதில் வராது. படத்தில்தான் அதிபர் ஸ்னோ ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நின்று, விளையாட்டை நடத்தும் செனெக்கா கிரேனிடம் கேட்பார்: ஜெயிப்பவன் என்று ஒருவன் எதற்கு? மாவட்டங்களை மிரட்டத்தான் என்றால் 24 பேரையும் பிடித்து ஒரேயடியாகச் சுட்டுவிடலாமே, வேலை சீக்கிரம் முடியுமே? அவனுக்குப் பதில் தெரியாது. அவரே சொல்வார், நம்பிக்கை. பயத்தைவிட வலுவானது அது ஒன்றுதான். கொஞ்சமாகக் கொடுத்தால் வேலை செய்யும், அதிகமானால் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் பார்த்தால், ரூவுக்கு கேட்னிஸ் பூ வைத்து மூன்று விரலை உயர்த்தியதும் 11-ஆம் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. உடனே ஹேமிட்ச் செனெக்காவிடம் போய், மிரட்ட முடியாவிட்டால் ஆதரிக்க எதையாவது கொடு, இளம் காதல் ஒன்று இருக்கிறதே என்கிறான். ஒரே மாவட்டத்துக்காரர்கள் இருவர் ஜெயிக்கலாம் என்று விதி மாறுகிறது. கடைசியில் கேட்னிஸும் பீட்டாவும் மட்டும் மிஞ்சியதும் அதே விதி ரத்தாகிறது. இருவரும் சேர்ந்தே சாகிறோம் என்று விஷப் பழத்தை வாயில் வைக்கப் போகிறார்கள், கேபிடல் பதறித் தடுக்கிறது. நடுவில் ஒருமுறை மாற்றி, தேவைப்பட்டதும் திருப்பிக்கொள்ள முடிந்தால் அதற்கு விதி என்று பெயரா? இந்தக் கேள்விக்கு ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பதில் சொன்னார்கள். ஒன்று மட்டும் எழுதுகிறேன்: “விதிய அவங்க மாத்தினாங்க. பழத்தை வாயில வைக்கப் போனது இவங்க. பயந்தது யாரு?”

அந்த மூன்று விரல் திரையோடு நிற்கவில்லை என்பதையும் சொன்னேன். 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மாணவர்கள் தெருவில் அந்தச் சைகையைக் காட்டினார்கள், அதற்காகப் பிடித்துக்கொண்டும் போனார்கள். 2021-இல் மியான்மரிலும் அதே கை உயர்ந்தது. அண்ணன் மகனுக்கு இதில்தான் கண் விரிந்தது.

கண்ட்ரோல் ரூம் காட்சிகளை அன்றைக்குப் பேச நேரமில்லை. வெள்ளை உடுப்பில் வரிசையாக உட்கார்ந்து, காட்டில் எங்கே தீ வைக்கலாம், எந்த மிருகத்தை எப்போது விடலாம் என்று திரையைத் தொட்டுத் தொட்டு வேலை பார்ப்பவர்கள். யாரும் கொடூரமாகச் சிரிக்க மாட்டார்கள், எங்கேயும் பார்க்கக்கூடிய ஆபீஸ் முகங்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்குமா, மாலையில் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கீழத்தெருப் பையன் வந்துவிட்டான். வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்க்கிறது என்று அண்ணனிடம் சொல்ல வந்தவன், சொல்லிவிட்டும் போகாமல் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அத்தை, பிரிம் பேர வாசிச்சாங்கல்ல. அப்ப அந்தக் கூட்டத்துல நின்ன மத்த அம்மாக்கள் எல்லாம் என்ன நினைச்சிருப்பாங்க?”

“நீ என்ன நினைக்கிற?”

“எங்க அம்மாவா இருந்தா, அப்பாடான்னுதான் நினைச்சிருக்கும்,” என்றான். “அன்னிக்கு ராத்திரி வீட்ல நல்லா சமைச்சுக்கூட இருக்கும்.”

தூணை விட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தான். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு போனேன்.